அது எரிந்துபோன காடு அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த ஆப்பிரிக்கப் புல்வெளிக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். படங்கள் அருமை. ஆனால் ஒரு படத்துக்குக் கீழே 'ஆண்டுதோறும் தீக்கு இரையாகி அழிந்துவரும் காடு' என்று போட்டிருக்கிறீர்கள். கரிந்த தரை, தள்ளித் தள்ளி நாலைந்து வேல மரங்கள், தொலைவில் புகை. பார்ப்பவருக்கு அப்படித்தான் தோன்றும். எனக்கும் ஒரு காலத்தில் அப்படித்தான் தோன்றியது. தான்சானியாவில் ஒரு புல்வெளி ஆய்வுக் குழுவோடு அளவெடுக்கும் ஆளாக இரண்டு வறண்ட பருவங்கள் அலைந்தபோது அந்த எண்ணம் மாறிவிட்டது. கடிதம் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் வாரமே ஒரு பாடம் கிடைத்தது. புல்லுக்குள் முழங்கால் உயரத்தில் ஒரு வேலங்கன்று நின்றது. "இதுக்கு என்ன வயசு இருக்கும்?" என்று கேட்டார் குழுத் தலைவர். இரண்டு வயது என்றேன். தோண்டச் சொன்னார். மேலே பென்சில் கனத்தில் இருந்த தண்டு, மண்ணுக்குள் போனதும் என் மணிக்கட்டை விடப் பருத்த வேராகிவிட்டது. அந்த வேரின் தலையில் கருகிய முளைகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு தீயில் போன தண்டு. தண்டுக்குத்தான் இரண்டு வயது. வேருக்குப் பத்து வயதுக்குக் குறையாது என்றார். பத்து வருடமாக அந்த மரம் மேலே வருவதும், கருகுவதும், வேரில் சேர்த்து வைத்த மாவுச்சத்தைச் செலவழித்து மறுபடி துளிர்ப்பதுமாக இருந்திருக்கிறது. சாகவில்லை, வளரவும் இல்லை.

சவன்னா என்ற இந்த மரம் சிதறிய புல்வெளியில் மரமும் புல்லும் எப்படிச் சேர்ந்து வாழ்கின்றன என்ற கேள்விக்குப் பாதி விடை அந்தக் குழியிலேயே இருக்கிறது. உங்கள் கட்டுரையாளர் பழைய விளக்கத்தைத் தந்திருக்கிறார்: புல்லின் வேர் மேல்மண்ணில் நீர் குடிக்கிறது, மரத்தின் வேர் ஆழத்தில் குடிக்கிறது, அதனால் சண்டை இல்லை என்று. வளர்ந்த மரத்துக்கு இது ஓரளவு பொருந்தும். ஆனால் முளைத்து ஒரு மாதமான கன்றுக்கு ஆழ வேர் ஏது? அது புல்லின் வேர்களுக்கு நடுவே, அதே ஒரு சாண் மண்ணில்தான் நீருக்குப் போராட வேண்டும். அதில் தப்பினால் அடுத்தது தீ.

புல் தீயை நெருங்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது காட்டுத் தீ மாதிரி ஒரே இடத்தில் நின்று எரிவதில்லை. காற்றோடு ஓடுகிறது. ஓர் இடத்தைக் கடக்க ஒன்றிரண்டு நிமிடம்கூட ஆகாது. மண்ணுக்குள் இரண்டு விரல் ஆழத்தில் சூடு அவ்வளவாக இறங்காது. புல்லின் குருத்து மண்ணோடு ஒட்டிய தூரில் இருக்கிறது. அதனால் கருகிய தூரிலிருந்தும் சீக்கிரமே பச்சை எட்டிப் பார்க்கும். சொல்லப்போனால், மழை உள்ள இடங்களில் மேயாமலும் எரியாமலும் விட்ட புல்தான் கெடும். பழைய தழை காய்ந்து மேலே மூடிக்கொண்டு, கீழிருந்து வரும் துளிருக்கு வெயில் கிடைக்காமல் தூரே செத்துப்போகும்.

மரத்தின் கதை வேறு. அதன் குருத்து கிளை நுனியில், அதாவது தீக்கொழுந்துக்கு நடுவில் இருக்கிறது. நன்கு காய்ந்த உயரமான புல்லில் கொழுந்து இரண்டு மூன்று மீட்டர் எழும்பும். அந்த உயரத்துக்குக் கீழே உள்ள கன்றின் மேல்பகுதி கருகும். மெல்லிய பட்டைக்குள் இருக்கும் உயிர்ப்படலமும் வெந்துபோகும். மூன்று மீட்டரைத் தாண்டி, பட்டையும் தடித்துவிட்ட மரத்துக்கு அதே தீ காலுக்குக் கீழே ஓடும் ஒரு சலசலப்பு, அவ்வளவுதான். ஆக ஒரு கன்றுக்குத் தேவை தீயே இல்லாத உலகம் அல்ல. அடுத்தடுத்துச் சில ஆண்டுகள் பெரிய தீ வராமல் இருந்தால் போதும். வேரில் சேமிப்பு தயாராக இருப்பதால் அந்த இடைவெளியில் விறுவிறுவென்று மேலே போய்விடும். அந்த இடைவெளி எப்போதாவதுதான் கிடைக்கிறது. அதனால்தான் மரங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக, பல இடங்களில் கூட்டம் கூட்டமாக ஒரே வயதில் நிற்கின்றன.

இடைவெளியைக் கொடுப்பது யார்? பெரும்பாலும் மேய்ச்சல். இதற்குத் தான்சானியாவின் செரெங்கெட்டிப் புல்வெளியை விடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. உங்கள் கட்டுரையில் செரெங்கெட்டி இரண்டு பக்கம் வந்தும் இந்தக் கதை விட்டுப்போனதில் எனக்கு வருத்தம்தான்.

1880களின் கடைசியில் மாடுகளோடு வெக்கை நோய் ஆப்பிரிக்காவின் கிழக்கு முனையில் இறங்கியது. சில ஆண்டுகளில் கண்டத்தின் தெற்கு வரை பரவி மாடுகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. காட்டில் மாட்டின் உறவான வில்டபீஸ்ட்களையும் எருமைகளையும் விடவில்லை. அதற்குப் பிறகும் எழுபது ஆண்டுகள்போல அந்த நோய் செரெங்கெட்டியை விட்டுப் போகவில்லை. தாய்ப்பாலின் காப்பு தீர்ந்ததும் இளங்கன்றுகளைத் தூக்கிக்கொண்டு போகும். 1960களின் தொடக்கத்தில் அங்கே இருந்த வில்டபீஸ்ட்கள் சுமார் இரண்டரை லட்சம். அதே காலத்தில் சுற்றுப்புறத்து மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டார்கள். காட்டு விலங்குக்கு ஓர் ஊசியும் போடவில்லை. ஆனால் நோய் மாட்டில்தான் தங்கியிருந்தது போல. மாட்டில் நின்றதும் காட்டிலும் நின்றுவிட்டது. 1977 வாக்கில் வில்டபீஸ்ட்கள் 13 லட்சத்தைத் தொட்டன. எழுபதுகளில் வறண்ட பருவத்திலும் மழை கிடைத்தது அதற்குக் கைகொடுத்தது.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். வில்டபீஸ்ட் மரத்தைச் சீண்டாது, அதற்குப் புல்தான். பத்து லட்சம் வாய் கூடுதலாக மேய்ந்தால் வறண்ட பருவத்தில் நிற்கும் காய்ந்த புல் குறையும். தீ தொடர்ந்து ஓட ஹெக்டேருக்குச் சுமார் இரண்டு டன் காய்ந்த புல் வேண்டும். அதற்குக் கீழே போனால் தீ திட்டுத்திட்டாகப் பிடித்து அணைந்துவிடும். புல்வெளியில் எங்கள் அன்றாட வேலையே இதை அளப்பதுதான். நடுவில் ஓட்டை போட்ட ஒரு தட்டை, கம்பி வழியாகப் புல்மேல் விழவிட்டு, அது தரையிலிருந்து எத்தனை சென்டிமீட்டரில் நிற்கிறது என்று எழுதிக்கொள்வோம். ஒரு பாதையில் நூறு முறை. மந்தை கடந்துபோன பக்கத்தில் தட்டு கிட்டத்தட்டத் தரையைத் தொடும், ஒரு ஓடையைத் தாண்டினால் முழங்கால் உயரத்தில் நிற்கும். இந்தக் கரையில் தீ வராது, அந்தக் கரையில் வரும் என்று அந்த எண்ணைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

செரெங்கெட்டியில் அப்படித்தான் நடந்தது. மந்தை பெருகப் பெருக, ஆண்டுதோறும் எரியும் பரப்பு சுருங்கியது. அதற்குப் பிந்தைய ஆண்டுகளில், பொறியில் சிக்கியதுபோலப் புல்லுக்குள் கிடந்த கன்றுகள் தலை தூக்கின, மரங்கள் கூடின. மாட்டுக்குப் போட்ட ஊசி மரம் வளர்த்தது என்றால் கேட்பவர் சிரிப்பார், ஆனால் இந்தச் சங்கிலியின் கண்ணிகள் ஒவ்வொன்றும் அளந்து பார்க்கப்பட்டவை. யானை வேட்டையால் யானைகள் குறைந்ததும் அதே காலத்தில்தானே என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. யானைக்கும் பங்கு உண்டு, அது வளர்ந்த மரத்தையே சாய்க்கும். ஆனால் கணக்கைப் பிரித்துப் பார்த்தவர்கள் தீ குறைந்ததற்கே பெரிய பங்கு என்கிறார்கள்.

மேய்ச்சல் என்றாலே மரத்துக்கு நல்லது என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. எது மேய்கிறது என்பதில் இருக்கிறது. இம்பாலா மான் புல்லோடு தழையும் தின்னும். புதிதாக முளைத்த கன்றை ஒரே கடியில் முடித்துவிடும். வில்டபீஸ்ட் மரக்கன்றுக்குக் கதவு திறக்கிறது, இம்பாலா அதையே மூடுகிறது. மாடு மட்டும் அளவுக்கு மீறி மேய்ந்து, தீயையும் அணைத்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு நமீபியாவின் மாட்டுப் பண்ணைகள் இருக்கின்றன. புல் போய், மாடு நுழைய முடியாத முள்புதர் மண்டிவிட்டது. அதை வெட்டிக் கரி சுட்டு விற்பதே அங்கே ஒரு தொழில். மேய்ச்சல் நிலம் அந்தப் பக்கம் சாய்கிறதா என்று அறிய, இரண்டு மீட்டர் உயரத்தில் ஒரே அளவான கன்றுகள் நெருக்கமாக நிற்கின்றனவா என்று பார்த்தால் போதும். அவை கொழுந்து எட்டாத உயரத்தைத் தொட இன்னும் ஒன்றிரண்டு மழைதான் பாக்கி என்று அர்த்தம்.

சரி, தீயை முழுக்க நிறுத்தினால் எல்லாம் காடாகிவிடுமா? கட்டுரையின் கடைசிப் பத்தி அப்படித்தான் ஆசைப்படுகிறது. தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் பூங்காவில் 1954 முதல் இதைச் சோதித்து வருகிறார்கள். ஒவ்வொன்றும் ஏழு ஹெக்டேர் அளவுள்ள துண்டுகள். சிலவற்றை ஆண்டுதோறும், சிலவற்றை இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கொளுத்துகிறார்கள், சிலவற்றில் தீயே விடுவதில்லை. நாற்பது ஆண்டு கழித்து எண்ணிப் பார்த்தபோது மரங்களின் எண்ணிக்கை பெரிதாக மாறியிருக்கவில்லை, மாறியது அவற்றின் உயரம். தீ இல்லாத துண்டில் பெரிய மரங்கள், எரிந்த துண்டில் அதே அளவு உயிர்கள் குட்டையாகப் புல்லுக்குள். மழை கூடிய பக்கத்தில் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது, வறண்ட பக்கத்தில் குறைவு.

ஆப்பிரிக்கா முழுவதும் பார்த்தால் ஆண்டுக்குச் சுமார் 650 மில்லிமீட்டர் மழை ஓர் எல்லைக்கோடு. அதற்குக் கீழே மரங்கள் ஒரு வரம்புக்கு மேல் நெருங்க முடியாமல் மழையே தடுக்கிறது. தீ இருந்தாலும் இல்லாவிட்டாலும் புல்லுக்கு இடம் உண்டு. அதற்கு மேலே மழை தடையில்லை. அங்கே புல்லைக் காப்பாற்றுவது தீயும் விலங்குகளும்தான். அவை விலகினால் மரக் கிளைகள் கூடி நிழல் இறுகும். சவன்னாப் புல் வெயில் விரும்பி, நிழலில் நிற்காது. புல் போனால் தீ பிடிக்க எதுவும் இல்லை. அப்புறம் அந்த இடம் லேசில் திரும்பி வராது. வில்டபீஸ்ட்டுக்கும் அங்கே வேலை இல்லை.

எனவே அந்தப் படக்குறிப்பை அடுத்த இதழில் திருத்த வேண்டுகிறேன். படத்தை மறுபடி பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். இடது ஓரத்து மரத்தின் அடியில், கரிக்கு நடுவே, பச்சையாக ஒரு கோடு தெரிகிறது. புல் துளிர்த்துவிட்டது. எரிந்து ஒன்றிரண்டு வாரத்துக்கு மேல் ஆகியிருக்க வேண்டும், தொலைவில் தெரியும் புகை வேறு ஏதோ தீயினுடையது.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்