திட்டை விட்டுவிடுங்கள், புகாரை விடாதீர்கள்

காரைக்குடி ஆபீஸில் புகார் போன் எடுக்கும் தம்பி தங்கைகளுக்கு,

வணக்கம். ஆத்தங்குடியில் கல் பட்டறையில் லோடு அனுப்பும் வேலை எனக்கு. நீங்கள் எழுதி அனுப்பும் குறிப்பை வைத்துத்தான் ஆளை அனுப்புவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறேன்.

போன மாதம் தேவகோட்டை அழைப்பு ஒன்றுக்கு இப்படிக் குறிப்பு வந்தது: "கஸ்டமர் கண்டபடி திட்டினார். கலர் பிடிக்கவில்லையாம்." பிடிக்காததற்கு நாங்கள் கல்லை மாற்றித் தருவதில்லை. ஒதுக்கி வைத்துவிட்டேன். ஐந்து நாள் கழித்து அவரே பட்டறைக்கு வந்து நின்றார். அப்புறம்தான் பதிவைக் கேட்டேன்.

"முழுப் பணத்தையும் வாங்கிட்டு ரெண்டு தடவையா பதிலே சொல்லல, திருட்டுப் பயலுகளா" என்கிறார். 'திருட்டுப் பயல்' வசவு, அது போகட்டும். அதே மூச்சில் வந்த பணமும் பதிலில்லாத இரண்டு அழைப்பும் புகார். நீங்கள் வசவோடு சேர்த்து அதையும் தள்ளிவிட்டீர்கள். குறிப்பு இப்படி வந்திருக்கலாம்:

"கூடத்துக்கு 10 அங்குலக் கல், இரண்டு லோடு. முழுப் பணம் கட்டியதாகச் சொல்கிறார். கணக்கில் பார்த்தேன், சரி. இரண்டாம் லோடின் சிவப்பு முதல் லோடோடு சேரவில்லை என்கிறார். நம் ஆள் இன்னும் பார்க்கவில்லை. பாதிக் கூடம் பதித்தாயிற்று. 15 நாளில் பால் காய்ச்சுகிறார். இது மூன்றாவது அழைப்பு, முந்தைய இரண்டுக்கும் பதில் இல்லை என்கிறார். ஒரே சிவப்பில் கல் வேண்டும், இல்லையென்றால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன் என்றார். கோபமாகப் பேசினார்."

சாயத்தைக் கையால் கலந்து கண்ணாடி மேல் ஊற்றும் கல் இது. கலவைக்குக் கலவை நிறம் மாறக்கூடும். 'சேரவில்லை' என்று எழுதியிருந்தால் அன்றைக்கே இரண்டு லோடு கல்லையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருப்பேன்.

அந்த 'ஆம்' விகுதியை விட்டுவிடுங்கள். 'பிடிக்கவில்லையாம்' என்றாலே நமக்கு நம்பிக்கை இல்லை என்று படிப்பவருக்குத் தோன்றிவிடுகிறது. 'என்கிறார்' போதும். 'பாவம், நியாயமான கோபம்' என்றும் வேண்டாம், அது மறுபக்கம் சாய்வது. ஆணையத்துக்குப் போவேன் என்பதை மிரட்டல் என்று வெட்டாதீர்கள், அது அவர் உரிமை. அடிப்பேன், வெட்டுவேன் என்று உங்களிடம் யாராவது பேசினால் அதை மறைக்கவும் வேண்டாம். பதிவோடு மேலாளரிடம் தனியாகக் கொடுங்கள், குறிப்பில் கலக்காதீர்கள்.

ஒரே கலவையில் மறுபடி கல் போட்டுக் கொடுத்தோம். அது தண்ணீரில் ஊறிக் காய்ந்து போய்ச் சேர நாள் போதவில்லை. அவர் பால் காய்ச்சிய அன்று பாதிக் கூடம் வெறும் சிமெண்டாகக் கிடந்தது.

அன்புடன்,
லோடு அனுப்பும் அண்ணன்