லேப்டாப்பில் நுழைய போன் ஏன் ப்ளூடூத் கேட்கிறது?

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

எங்கள் கடையில் புது லேப்டாப் வாங்கிப் போகிறவர்கள் அடிக்கடி போன் செய்து கேட்கும் கேள்வி ஒன்று இருக்கிறது. "ஜிமெயிலைத் திறக்கப் போனேன். திரையில் ஒரு க்யூஆர் கோடு வந்தது. போனில் ஸ்கேன் செய்தால், ப்ளூடூத்தை ஆன் செய் என்கிறது. ரெண்டு பக்கமும் நெட் இருக்கும்போது ப்ளூடூத் எதற்கு?" கவுன்ட்டரில் நின்றபடி இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட முடியாத விஷயம் என்பதால் மடலாகவே எழுதுகிறோம்.

முதலில், அந்த க்யூஆர் கோடு எதற்காக வருகிறதோ அந்தப் பாஸ்கீ. அது பாஸ்வேர்டு மாதிரி மனதில் வைத்துக்கொள்ளும் சொல் அல்ல. ஒரு ஜோடிச் சாவி. ஒரு பாதி கூகுள் போன்ற தளத்திடம் இருக்கும், அது வெளியே தெரிந்தாலும் யாரும் எதுவும் செய்ய முடியாது. ரகசியமான மறுபாதி உங்கள் போன் பக்கம் இருக்கும். நுழையும்போது தளம் ஒரு புதிய எண்ணை அனுப்பும், போன் அதில் ரகசியச் சாவியால் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பும். கையெழுத்துதான் போகிறது, சாவியோ உங்கள் கைரேகையோ தளத்துக்கோ லேப்டாப்புக்கோ போவதில்லை.

இனி ப்ளூடூத்துக்கு வருவோம். லேப்டாப் காட்டும் க்யூஆர் கோட்டில் அந்த ஒரு முறைக்கு மட்டுமான ஒரு ரகசியம் இருக்கிறது. போன் அதை ஸ்கேன் செய்ததும், அந்த ரகசியத்தால் பூட்டிய ஒரு சின்ன சமிக்ஞையை ப்ளூடூத்தில் வெளியிடும். அதைக் காதில் வாங்கி, பூட்டைத் திறந்து படிக்கக்கூடியது அந்தக் கோட்டைக் காட்டிய லேப்டாப் மட்டுமே. இணையத்தில் போனைச் சந்திப்பதற்கான விவரம் அந்தச் சமிக்ஞைக்குள்தான் இருக்கிறது. அது கிடைத்த பிறகு மிச்சப் பேச்சு எல்லாம் நெட் வழியாகத்தான் நடக்கும். அதனால்தான் இரண்டும் வேண்டியிருக்கிறது. ஹெட்போனை இணைப்பது மாதிரி 'பேர்' செய்யத் தேவையில்லை, ப்ளூடூத் ஆன் ஆகியிருந்தாலே போதும்.

ஒரு வாடிக்கையாளர் வீட்டில் நடந்ததைச் சொன்னால் இது எளிதாகப் புரியும். அந்த அம்மா திருப்பூரில் சின்ன பனியன் யூனிட் நடத்துகிறார். கம்பெனி மெயிலின் பாஸ்கீ அவர் போனில். சென்னையில் படிக்கும் மகன் ஒரு பில்லை எடுக்க, தன் லேப்டாப்பில் அந்த மெயிலைத் திறக்கப் பார்த்தார். வந்த க்யூஆர் கோட்டைப் படம் பிடித்து அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அம்மா அதை ஆபீஸ் கம்ப்யூட்டரில் திறந்து, தன் போனால் ஸ்கேன் செய்தார். இணைகிறது, இணைகிறது என்று சுற்றிவிட்டுக் கடைசியில் முடியவில்லை என்று வந்தது. நாலு முறை முயன்றுவிட்டு, போனில் கோளாறு என்று எங்களிடம் கொண்டுவந்தார்.

கோளாறு ஒன்றும் இல்லை. அம்மாவின் போன் திருப்பூரில் வெளியிட்ட சமிக்ஞையைச் சென்னையில் இருக்கும் லேப்டாப் எப்படிக் கேட்கும்? மகன் இருந்த இடத்தில் ஒரு திருடன் இருந்து, "பேங்கிலிருந்து பேசுகிறோம், இந்தக் கோட்டை ஸ்கேன் செய்யுங்கள்" என்று அனுப்பியிருந்தாலும் இதே முடிவுதான். மகனா திருடனா என்று போனுக்குத் தெரியாது. கேட்கும் லேப்டாப் பக்கத்தில் இல்லை என்பது மட்டும் தெரியும். மகன் பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது, போனை லேப்டாப் பக்கத்தில் வைத்து ஒரே தடவையில் உள்ளே போய்விட்டார்கள்.

இதையே பழைய முறையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். போனில் "உள்ளே நுழைவது நீங்களா?" என்று ஒரு அறிவிப்பு வரும், "ஆம்" தொட்டால் திறக்கும். அந்த "ஆம்"முக்குத் தூரம் கிடையாது. உங்கள் பாஸ்வேர்டைத் தெரிந்துகொண்ட ஒருவர் எந்த ஊரிலிருந்து முயன்றாலும், நீங்கள் தூக்கக் கலக்கத்தில் தொட்டுவிட்டால் முடிந்தது. அதனால்தான் எங்களிடம் வருகிறவர்களைப் பாஸ்கீக்கு மாறச் சொல்கிறோம்.

இருந்தாலும், பக்கத்தில் இருப்பதைச் சரிபார்ப்பதால் எல்லாம் தடுக்கப்படும் என்று நினைக்க வேண்டாம். எங்களுக்குக் கவலை தருவது இரண்டு விஷயங்கள்.

ஒன்று, திரையைப் பகிரும் ஆப். "கஸ்டமர் கேர்" என்று பேசும் ஒருவர் சொன்னதைக் கேட்டு அப்படி ஒரு ஆப்பை உங்கள் லேப்டாப்பில் போட்டுவிட்டால், அவர் எங்கோ உட்கார்ந்து உங்கள் லேப்டாப்பையே இயக்குவார். உங்கள் லேப்டாப் உங்கள் போன் பக்கத்தில்தானே இருக்கிறது? ப்ளூடூத் சோதனை தேறிவிடும். நீங்களாக எங்கேயும் நுழைய முயலாதபோது திரையில் க்யூஆர் கோடு வந்தால், ஸ்கேன் செய்யாமல் நெட்டைத் துண்டித்துவிட்டு எங்களுக்குப் போன் செய்யுங்கள்.

இன்னொன்று, போனின் ஸ்கிரீன் லாக். பாஸ்கீக்குக் கைரேகை கேட்கும் இடத்தில் பின் நம்பரையும் ஏற்றுக்கொள்ளும். கடைப் பையன்கள், பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த 1234 உங்கள் பின் என்றால், மெயிலுக்கும் அதுதான் பூட்டு. ஆறு இலக்கமாவது வையுங்கள்.

சரி, நியாயமாக நுழையப் பார்த்தும் வேலை செய்யவில்லை என்றால்? விண்டோஸில் பாஸ்கீ எங்கே இருக்கிறது என்று கேட்கும் பட்டியலில் `iPhone, iPad, or Android device` என்ற வரி வர வேண்டும். அது வரவே இல்லை என்றால் பெரும்பாலும் லேப்டாப்பில் ப்ளூடூத் இல்லை, அல்லது விண்டோஸை மறுபடி ஏற்றியபோது அதன் டிரைவர் விட்டுப்போயிருக்கிறது. டிரைவர் என்றால் கொண்டுவாருங்கள், போட்டுத் தருகிறோம். ப்ளூடூத் இல்லாத டெஸ்க்டாப்புக்கு யுஎஸ்பியில் செருகும் சின்ன டாங்கிள் போதும். கோடு வருகிறது, ஸ்கேனும் ஆகிறது, ஆனால் இணையவில்லை என்றால் இரண்டு பக்கமும் ப்ளூடூத், நெட் இரண்டும் ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் சரியாக வந்து ஆபீஸில் மட்டும் வரவில்லை என்றால், லேப்டாப்பும் போனும் இணையத்தில் சந்திக்கும் சர்வரை ஆபீஸ் நெட்வொர்க் தடுக்கிறதோ என்று பார்க்க வேண்டும். போன் ஆண்ட்ராய்டு 9 அல்லது ஐஓஎஸ் 16, அதற்கு மேல் இருக்க வேண்டும்.

பிரவுசிங் சென்டர், ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டரில் இந்த முறையில் நுழைந்தால் பாஸ்கீ அங்கே தங்காது. ஆனால் திறந்த மெயில் திறந்தபடியே இருக்கும். அதனால் வேலை முடிந்ததும் 'சைன் அவுட்' செய்தே தீர வேண்டும். இந்தக் கம்ப்யூட்டரை நினைவில் வைக்கவா, இதிலேயே பாஸ்கீ உருவாக்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். உங்கள் சொந்த லேப்டாப்பில் அதே கேள்வி வந்தால் சரி என்று சொல்லலாம். அப்புறம் அந்த லேப்டாப்பில் நுழையப் போனே வேண்டாம்.

போன் தொலையும் நாளுக்காகவும் லேப்டாப்பில் உருவாக்கும் அந்த இரண்டாவது பாஸ்கீ வேண்டும். போன் தொலைந்தால் லேப்டாப்பில் `myaccount.google.com` போய், பாதுகாப்புப் பகுதியில் பழைய போனின் பாஸ்கீயை நீக்கிவிடலாம். சிலர் பாஸ்கீ வைத்ததும் ஓடிபியை மறந்துவிடுகிறார்கள். பல தளங்களில் பாஸ்வேர்டும் ஓடிபியும் பின்வாசலாக இன்னும் திறந்தேதான் இருக்கின்றன. "பாஸ்கீ வேலை செய்யவில்லை, ஓடிபி சொல்லுங்கள்" என்று யாராவது கேட்டால், அந்தப் பின்வாசலைத்தான் கேட்கிறார்கள். சொல்லாதீர்கள்.

முதல் தடவை செய்யத் தயக்கமாக இருந்தால் போனையும் லேப்டாப்பையும் சேர்த்தே கடைக்கு எடுத்து வாருங்கள். நீங்களே தொட்டுச் செய்வீர்கள், நாங்கள் பக்கத்தில் நின்று வழி சொல்கிறோம். உங்கள் பின் நம்பரை நாங்கள் கேட்க மாட்டோம். இதற்குக் கட்டணமும் இல்லை.

இப்படிக்கு,
உங்கள் லேப்டாப் விற்பனை மற்றும் சர்வீஸ் கடையினர்