பதினொன்றரை மணிக்கு அந்தப் பிள்ளையை விடுங்கள்

தாராவி, சயான் வட்டாரப் பள்ளிகளின் தலைமையாசிரியர்களுக்கும் நிர்வாகத்தினருக்கும் வணக்கம்.

சென்ற மாதம் உங்கள் பள்ளிகளில் ஒன்றில், ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் அம்மாவைக் கூப்பிட்டு, "எல்.சி. வாங்கிக்கொண்டு போங்கள், அடுத்த வருஷம் 17 நம்பர் ஃபாரம் நிரப்பி வெளியிலிருந்து பத்தாவது எழுதட்டும்" என்று சொல்லியிருக்கிறார்கள். கடைசி இரண்டு பீரியடில் அவள் இருப்பதில்லையாம். ஏன் இருப்பதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக் கடிதம் உங்கள் ஃபைலில்தான் இருக்கிறது. சர்க்கரை நோய் அந்த அம்மாவின் சிறுநீரகத்தோடு கண்ணையும் கொண்டுபோய்விட்டது. பள்ளிக்கு அவரைக் கைபிடித்துக் கூட்டி வந்ததும் இந்தப் பெண்தான். அன்றைக்கும் ஆப்சென்ட் போட்டீர்கள்.

வீட்டிலேயே வயிற்று வழியாகச் செய்யும் டயாலிசிஸை நோயாளிகளுக்கும் வீட்டாருக்கும் கற்றுக்கொடுப்பவர்கள் நாங்கள். அந்தப் பெண் பதினொன்றரைக்கு ஓடிப்போய் என்ன செய்கிறாள் என்பதைச் சொல்லிவிடுகிறோம்.

ஒரு நாளைக்கு நான்கு முறை, ஒவ்வொரு முறையும் அம்மாவின் வயிற்றிலிருக்கும் பழைய திரவத்தை இறக்கிவிட்டு, பையிலிருந்து 2 லிட்டர் புதிய திரவம் ஏற்ற வேண்டும். காலை ஆறு, மதியம் பன்னிரண்டு, மாலை ஆறு, இரவு பத்து. முதலில் ஃபேனை நிறுத்தி, கதவைச் சாத்தி, முகக்கவசம் போட வேண்டும். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். காலையில் மட்டும் குழாயில் தண்ணீர் வரும் சந்துகளில், அதற்கென்று ஒரு டிரம்மில் குழாய் பொருத்தி வைத்திருக்கிறார்கள். பிறகு வயிற்றிலிருக்கும் பழைய திரவம் இறங்க இருபது நிமிஷம், புதியது ஏறப் பத்து நிமிஷம். பையின் குழாயை வயிற்றுக் குழாயோடு இணைக்கும் அந்த ஒரு நொடியில் நுனி விரலிலோ புடவையிலோ பட்டால் போதும், கிருமி நேரே வயிற்றுக்குள் போகும். கண் தெரியாத அம்மாவால் அந்த நுனியைப் பார்க்க முடியாது. பதினான்கு வயதுப் பெண் பார்க்கிறாள்.

இறங்கிய பையை அவள் செய்தித்தாள் மேல் வைத்துப் பார்ப்பாள். எழுத்து தெளிவாகத் தெரிந்தால் சரி. மங்கலாகத் தெரிந்தால் வயிற்றில் தொற்று. அந்தப் பையோடு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். மருந்து இரண்டு மூன்று வாரம் போகும். பள்ளி 220 நாள் நடக்கிறது என்று வைத்துக்கொண்டால், 75 சதவீத வருகைக்கு 55 நாள்தான் விட முடியும். ஒரே ஒரு தொற்றில் அதில் ஏறக்குறைய கால் பங்கு கரைந்துவிடும். தொற்று வருவதற்கு அவசரமும் ஒரு காரணம். பன்னிரண்டரை மணிக்கு மணியடித்தபின் மூச்சிரைக்க ஓடிவருகிறவள்தான் கை கழுவுவதில் குறை வைப்பாள்.

ஆகவே கேட்கிறோம்: பதினொன்றரைக்கு விடுங்கள், ஆப்சென்ட் போடாதீர்கள்.

மாலை ஆறு மணிக்கும் அவள் வீட்டில்தான். கூடப் படிக்கிறவர்கள் வந்து கூப்பிட்டாலும் கதவைத் திறக்க முடியாது. மாதத்துக்கு 120 பை. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் அட்டைப்பெட்டிகள் சுவரோரம் முழுக்க நிற்கும். அதன் மேலேயே படுக்கை, அதன் மேலேயே வீட்டுப்பாடம். யாரையும் உள்ளே உட்காரவைக்க அவளுக்குக் கூச்சம். வகுப்பில் அவளுக்கு "ராங்கிக்காரி" என்று பேர். இதற்கெல்லாம் உங்களை நாங்கள் குறை சொல்லவில்லை. ஆனால் ஆண்டு விழா மேடையில் தாயைப் பேணும் பிள்ளைகளைப் பற்றி அரை மணி நேரம் பேசத் தெரிந்த நமக்கு, தாயைப் பேணும் பிள்ளை எதிரே நின்றால் வருகைப் பதிவேடு மட்டும்தான் கண்ணில் படுகிறது.

எட்டாம் வகுப்பு முடியும்வரை பிள்ளையை வெளியேற்றக் கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. ஒன்பதாவதுக்குப் போனதும் அந்தக் காவல் போய்விடுகிறது. பிள்ளைக்கு வீட்டுப் பாரம் கூடுவதும் அந்த வயதில்தான். அதற்குப் பிறகு எல்லாம் உங்கள் கையில்.

பெரிதாக ஒன்றும் வேண்டாம். வகுப்பாசிரியர் கையெழுத்திட்ட ஒரு அனுமதிச் சீட்டு, வருஷம் முழுதும் செல்லுபடியாகட்டும். கணக்கும் அறிவியலும் முதல் நான்கு பீரியடுக்குள் வரும்படி அந்த ஒரு வகுப்பின் அட்டவணையை மாற்றுங்கள். இரண்டு ஷிஃப்ட் நடக்கும் பள்ளியென்றால் மதிய ஷிஃப்டுக்கு மாற்றினாலும் சரி: பதினொன்றரைக்கே பையை மாற்றிவிட்டு வருவாள், மாலைப் பை ஆறரைக்குத் தள்ளும். எந்த வேளையை எவ்வளவு தள்ளலாம் என்று அவர்களுடைய டாக்டர் எழுதித் தருவார். அதற்கு மேல் தள்ளினால் திரவம் உடம்புக்குள்ளேயே திரும்ப ஏறி, கால் வீங்கும், மூச்சு வாங்கும்.

அந்தப் பெண்ணின் எல்.சி.யில் இன்னும் கையெழுத்து விழவில்லை என்று கேள்விப்பட்டோம். தயவுசெய்து போடாதீர்கள். அந்தப் பேனாவால் அனுமதிச் சீட்டில் போடுங்கள்.

பணிவுடன்,
வீட்டு டயாலிசிஸ் பயிற்றுநர்கள், தாராவி