"40 விட குறைவாக": அறிவிப்பு எழுதும் அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

கடலூரில் அரசு அறிவிப்புகளையும் விண்ணப்பப் படிவங்களையும் தமிழில் எழுதி ஒட்டும் அலுவலர்களுக்கு வணக்கம்.

மஞ்சக்குப்பத்தில் மேசை போட்டு மனு எழுதிக் கொடுப்பவன் நான். நீங்கள் சுவரில் ஒரு தாள் ஒட்டினால் அரை மணி நேரத்தில் அதன் செய்தி என் மேசைக்கு வந்துவிடும். "இதுல இன்னா போட்டிருக்காங்கண்ணே, படிச்சுச் சொல்லுங்க" என்று யாராவது கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு வந்து நிற்பார்கள். சென்ற வாரம் அப்படி வந்த தாளில் இருந்த வரி இது: "விண்ணப்பதாரர் வயது ஜூலை 1 அன்று 40 விட குறைவாக இருக்க வேண்டும்."

எந்தத் திட்டம், எந்த அலுவலகம் என்பது உங்களுக்கே தெரியும். அதைப் பற்றிப் பேச வரவில்லை. அந்த ஒரு வரியைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

தேவனாம்பட்டினத்தில் கருவாடு காயவைத்து விற்கும் ஒரு அக்கா அந்தத் திட்டத்துக்கு மனுப் போட்டார். எழுதிக் கொடுத்தவன் நான்தான். சான்றிதழில் அவருடைய பிறந்த நாள் ஜூலை 1. அறிவிப்பில் சொன்ன நாளில் அவருக்குச் சரியாக 40 வயது, ஒரு நாள் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. படிவத்தின் பின்பக்க விதிகளில் "40 வயதுக்கு மிகாமல்" என்று அச்சாகியிருந்தது. அதை நம்பி எழுதிக் கொடுத்தேன். சாளரத்தில் இருந்தவரோ சுவரில் ஒட்டியிருந்த தாளைக் காட்டி, "நாப்பதவிடக் கம்மியா இருக்கணும்மா, உனக்கு நாப்பது ஆயிடுச்சே" என்று சொல்லி மனுவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். காலையிலிருந்து வரிசையில் நின்றவர் மூன்று மணிக்கு என் மேசைக்குத் திரும்பி வந்து, "பின்னாடி ஒண்ணு போட்டிருக்கு, செவுத்துல ஒண்ணு போட்டிருக்கு, எதண்ணே நம்புறது?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அன்று அவருடைய கூடை வீட்டிலேயே கிடந்தது, ஒரு நாள் வியாபாரமும் போயிற்று.

சாளரத்தில் இருந்தவர் மீது எனக்குக் கோபமில்லை. தாளில் இருந்ததைத்தான் அவர் படித்தார். கோபம் அந்தத் தாளின் மீதுதான். "40 வயதுக்கு மிகாமல்" என்றால் 40 உள்ளே வரும், அதைத் தாண்டினால்தான் தடை. "40 வயதைவிடக் குறைவு" என்றால் 40 வெளியே போய்விடும், 39 வயது வரை உள்ளவருக்குத்தான் இடம். "40 வயதுக்கு மேற்படாத" என்பது முதல் வகை. "40 வயது நிறைவடையாத" என்பது இரண்டாம் வகை. இரண்டுக்கும் தமிழில் தனித்தனியாகத் தெளிவான சொல் இருக்கும்போது, ஒரே திட்டத்துக்குச் சுவரில் ஒன்றும் படிவத்தின் பின்பக்கம் ஒன்றுமாக எழுதியிருக்கிறீர்கள்.

இனி அந்த "40 விட". "விட" என்னும் சொல்லுருபு தனக்கு முன்னால் "ஐ" இல்லாமல் நிற்காது. என்னைவிட, அவரைவிட, கடலூரைவிட, 40-ஐவிட. "காட்டிலும்" என்று எழுதினாலும் இதே கதைதான்: அவரைக் காட்டிலும், அதைக் காட்டிலும். "பால் குடித்தான்" என்பதில் ஐ மறைந்து நிற்கிறதே, இங்கே மட்டும் ஏன் மறையக் கூடாது என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. "விட" என்பது "விடு" என்ற வினையிலிருந்து வந்த எச்சம். ஐ இல்லாவிட்டால் அது உடனே தன் பழைய வேலைக்குத் திரும்பிவிடும். "பால் விட" என்றால் டீயில் பால் ஊற்ற, "தண்ணீர் விட" என்றால் பயிருக்கு நீர் பாய்ச்ச, "பட்டம் விட" என்றால் கடற்கரைக்குப் போக. "பாலைவிட மோர் நல்லது" என்று சொன்னால்தான் இரண்டையும் ஒப்பிடுகிறோம் என்பது விளங்கும். அதனால்தான் இந்தப் பொருளில் வரும்போது "விட"வைப் பெயரோடு சேர்த்தே எழுதுகிறோம். "அவனை விட வேண்டும்" என்பது வேறு, "அவனைவிட வேண்டியவர்" என்பது வேறு. பின்னால் வல்லினம் வந்தால் ஒற்றும் மிகும்: 40-ஐவிடக் குறைவு, அதைவிடப் பெரியது.

இந்தப் பிழை எங்கிருந்து வருகிறது என்றும் எனக்குத் தெரியும். வாயால் யாரும் "நாற்பது விட" என்று சொல்வதில்லை. சாளரத்தில் இருந்தவரும் "நாப்பதவிட" என்று சரியாகத்தான் சொன்னார். எழுத்தில் சொல்லுக்குப் பதிலாக எண்ணைப் போடும்போதுதான் உருபு காணாமல் போகிறது. "ரூ.72,000 விட" என்று எழுதுவதும் அப்படித்தான். இன்னும் சிலர் "40-க்கு விட" என்று எழுதுகிறார்கள். "40-க்கு மேல்", "40-ஐவிட" என்ற இரண்டும் கைபோன போக்கில் ஒட்டிக்கொண்டதன் விளைவு அது. "மேல்", "மிகாமல்", "உட்பட்ட" ஆகியவற்றுக்குத்தான் "கு" வேண்டும். "விட"வுக்கு "ஐ"தான். ஒட்டுவதற்கு முன்னால் ஒரே ஒரு முறை வாய்விட்டுப் படித்திருந்தால் நாக்கே தடுத்திருக்கும்.

அதே தாளின் கடைசி வரியையும் சொல்லிவிடுகிறேன்: "மிகக் குறைந்த வருமானம் உள்ளவருக்கு முன்னுரிமை." மிக என்றால் ரொம்ப என்றுதான் பொருள். "மிகப் பெரிய வீடு" என்றால் ரொம்பப் பெரிய வீடு, தெருவில் அப்படி நான்கு இருக்கலாம். "தெருவிலேயே பெரிய வீடு" என்றால் ஒன்றுதான். ஆங்கிலத்தில் அதற்கென்று தனி வடிவம் இருப்பதால் மொழிபெயர்க்கும்போது "மிக"வைப் போட்டுவிடுகிறார்கள். தமிழில் பெரிய, குறைந்த போன்ற சொற்கள் வடிவம் மாறுவதில்லை, எந்தக் கூட்டத்துக்குள் ஒப்பிடுகிறோம் என்பதுதான் உச்சத்தைக் காட்டும். "விண்ணப்பித்தவர்களிலேயே குறைந்த வருமானம் உள்ளவருக்கு" என்று எழுதினால் பட்டியலில் யார் முதலில் வருவார் என்று எல்லாருக்கும் புரியும். நீங்கள் எழுதியபடி பார்த்தால், ரொம்பக் குறைவு என்பதை முடிவு செய்வது யார்?

இதெல்லாம் புதிதாகக் கண்டுபிடித்த நுணுக்கம் இல்லை. ஐந்தாம் வேற்றுமைக்கு "இதனின் இற்று இது" என்று தொல்காப்பியம் இலக்கணம் சொன்ன நாளிலிருந்தே, எது எதனோடு ஒப்பிடப்படுகிறது என்பதை உருபு வைத்துக் காட்டுகிற மொழி இது. "அமிழ்தினும்" என்று குறளில் வருகிறதே, அதில் இருக்கும் "இன்" செய்த வேலையைத்தான் இன்று "ஐவிட" செய்கிறது. தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் 1956-இலேயே வந்துவிட்டது. அதன்பிறகும் கருவாடு விற்கும் பெண் தமிழ் அறிவிப்பைப் புரிந்துகொள்ளச் சாளரத்துக்கும் என் மேசைக்கும் நடுவே அலைய வேண்டியிருப்பது நியாயம்தானா?

கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கேட்பது சின்ன விஷயம். வயதோ வருமானமோ எல்லை சொல்லும்போது, அந்த எண் உள்ளேயா வெளியேயா என்று தெரியும்படி எழுதுங்கள். உள்ளே என்றால் "மிகாமல்", வெளியே என்றால் "ஐவிடக் குறைவாக". "விட"வுக்கு முன்னால் ஐ இருக்கிறதா என்று பாருங்கள். ஒட்டுவதற்கு முன்னால் ஒருவர் வாய்விட்டுப் படிக்க, இன்னொருவர் கேட்கட்டும்.

சுவரில் உள்ள தாளை எடுத்துவிட்டு, படிவத்தில் உள்ளபடி "40 வயதுக்கு மிகாமல்" என்று திருத்தி ஒட்டும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். கடைசி நாளுக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. அந்த அக்காவின் மனு, கையெழுத்தோடும் சான்றிதழ் நகலோடும், என் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது. திருத்திய தாள் ஒட்டிய அன்றே அவரை அழைத்துக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
மனு எழுதுபவன், மஞ்சக்குப்பம்