இரவுக் கேமராவின் கண்ணும் கடிகாரமும்: வாகனக் காப்பீட்டு நிறுவனங்களின் இழப்பீட்டுப் பிரிவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இழப்பீட்டுப் பிரிவு அலுவலர்களுக்கும் சர்வேயர்களுக்கும்,

வணக்கம். வீட்டு வாசலில் நிறுத்தியிருந்த என் காரை இரவில் அடையாளம் தெரியாத ஒரு வாகனம் இடித்துவிட்டுச் சென்றது. மறுநாளே புகைப்படங்களையும் எதிர்வீட்டுக் கேமராவின் பதிவையும் சேர்த்து, என் காப்பீட்டு நிறுவனத்திடம் இழப்பீடு கோரி விண்ணப்பித்தேன். இரண்டு வாரம் கழித்து, சான்றுகள் ஒன்றோடொன்று முரண்படுவதாகக் கூறிக் கோரிக்கையை நிறுத்தி வைத்திருப்பதாகப் பதில் வந்தது. அந்த முரண்கள் இரண்டும் நடந்த நிகழ்வில் இல்லை என்பதையும், இரவில் கேமரா இயங்கும் விதத்தால் தோன்றியவை என்பதையும் விளக்குவதற்காகவே இதை எழுதுகிறேன். இதே காரணங்களால் வேறு பலரின் கோரிக்கைகளும் உங்கள் மேசையில் நின்றுபோகக்கூடும் என்பதால், எனக்கு வந்த பதிலை எழுதிய அலுவலருக்கு மட்டும் அனுப்பாமல் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். இரவு 9:15 மணிக்குச் சாலையின் இடது ஓரத்தில் காரை நிறுத்தினேன். காலை 6:30 மணிக்கு வெளியே வந்தபோது பின்பக்க வலது மூலையில் பம்பர் பிளந்திருந்தது, அதற்கு மேலுள்ள தகடு உள்வாங்கியிருந்தது, பின்விளக்கு உடைந்திருந்தது. என் கார் சிவப்பு நிறம். உள்வாங்கிய இடத்தில் அந்தச் சிவப்பின் மேல் நீல நிறப் பெயின்ட் ஒட்டியிருந்தது. காரை நகர்த்தும் முன்பே, சாலையும் காரும் சேர்ந்து தெரியும்படி தூரத்திலிருந்து நான்கு பக்கமும் படமெடுத்தேன். பிறகு தரையிலிருந்து அளவு நாடாவை நிறுத்தி, சேதம் 52 சென்டிமீட்டரில் தொடங்கி 61 சென்டிமீட்டரில் முடிவது தெரியும்படி நெருக்கமாக எடுத்தேன். கீழே கிடந்த கண்ணாடித் துண்டுகளில் ஒன்று என் விளக்கோடு பொருந்தவில்லை. அதைத் தனி உறையில் போட்டு வைத்தேன். காவல் நிலையத்திலும் அன்றே புகார் பதிவு செய்தேன்.

எதிர்வீட்டில் தனியாக வசிக்கும் மூத்த பெண்மணி தம் வாசல் கேமராவின் பதிவைப் பார்த்துக்கொள்ளும்படி அவராகவே அழைத்தார். அவருடைய ரெக்கார்டரில் இடம் நிரம்பியதும் பழைய பதிவின் மேலேயே புதியது பதிவாகிவிடும். சில நாள் தாமதித்திருந்தால் அந்த இரவு அழிந்திருக்கும். பதிவில், பின்னோக்கி வந்த ஒரு வேன் என் காரின் மூலையில் இடிப்பதும், கார் ஒருமுறை குலுங்குவதும், வேன் நான்கைந்து நொடி நின்றுவிட்டுப் போவதும் தெளிவாகத் தெரிகின்றன.

உங்கள் பதிலில் இருந்த முதல் ஆட்சேபம் நேரத்தைப் பற்றியது. பதிவின் மூலையில் தெரியும் நேரம் 20:47. நானோ 21:15 மணிக்குத்தான் காரை நிறுத்தியதாக எழுதியிருக்கிறேன். கார் வந்து நிற்பதற்கு அரை மணி நேரம் முன்பே அது இடிபட்டிருக்க முடியாது என்று உங்கள் சர்வேயர் குறித்திருக்கிறார். அப்படிக் கேட்டது சரியான கேள்விதான். ஆனால் விடை நான் அனுப்பிய படங்களிலேயே இருக்கிறது. அன்று காலை அந்த வீட்டில் பதிவைப் பார்க்கும்போதே ரெக்கார்டரின் கடிகாரம் தவறாக ஓடுவதைக் கவனித்தேன். உடனே என் கைபேசியின் கடிகாரத்தை அந்தத் திரைக்கு அருகில் பிடித்து இரண்டும் ஒரே படத்தில் விழும்படி எடுத்தேன். கைபேசியில் 7:10, திரையில் 2:44. அதாவது ரெக்கார்டர் 4 மணி 26 நிமிடம் பின்தங்கியிருக்கிறது. அதைக் கூட்டினால் மோதல் நடந்தது நள்ளிரவு தாண்டி 1:13 மணிக்கு.

இணையத்தோடு இணைக்கப்படாத ரெக்கார்டர்களில் இப்படி நேர்வது வழக்கம். உள்ளே கடிகாரத்துக்கென்று இருக்கும் சிறு பேட்டரி தீர்ந்துவிட்டால், ஒவ்வொரு முறை மின்சாரம் நின்று வரும்போதும் நேரம் பிசகிவிடும், யாரும் அதைத் திருத்துவதில்லை. என் கணக்கை மட்டும் நம்ப வேண்டியதில்லை, சரிபார்க்க இன்னொரு வழியும் அதே ரெக்கார்டரில் உண்டு. நான் காரைக் கொண்டுவந்து நிறுத்தும் காட்சியும் அதில் பதிவாகியிருக்கிறது. அங்கே திரை காட்டும் நேரம் 16:49. அதோடு 4 மணி 26 நிமிடத்தைக் கூட்டினால் நான் எழுதிய அதே 21:15 வருகிறது. மாலை 4:49 என்று திரை சொல்லும் அந்தக் காட்சியில் சாலை முழு இருளில் கிடக்கிறது, என் காரின் முகப்பு விளக்குகள் எரிகின்றன. திரையில் தெரியும் எண்ணைப் படித்தவர் அதற்குப் பின்னால் தெரியும் இருட்டையும் பார்த்திருந்தால் இந்த ஆட்சேபமே எழுந்திருக்காது என்று வருத்தத்தோடு சொல்கிறேன்.

இரண்டாவது ஆட்சேபம் நிறத்தைப் பற்றியது. என்னை அதிகம் வருத்தியதும் அதுதான், ஏனெனில் அதில் நான் ஏமாற்றுகிறேனோ என்ற ஐயம் தொனிக்கிறது. 'பதிவில் தெரிவது வெள்ளை அல்லது வெளிர் நிற வேன். காரில் ஒட்டியிருப்பது நீலப் பெயின்ட். எனவே இந்தச் சேதம் இந்த மோதலால் ஏற்பட்டதல்ல' என்பது அதன் சாரம்.

இந்த வகைக் கேமராக்கள் பகலில் நம் கண்ணுக்குப் புலப்படும் ஒளியை மட்டும் உள்ளே விடுகின்றன. அகச்சிவப்பு ஒளியைத் தடுக்க லென்ஸுக்குப் பின்னால் ஒரு வடிகட்டி இருக்கிறது. இருட்டியதும் அந்த வடிகட்டி விலகிக்கொள்ள, லென்ஸைச் சுற்றியுள்ள சிறு விளக்குகள் அகச்சிவப்பு ஒளியை வீசுகின்றன. அந்த ஒளி திரும்பி வருவதைத்தான் கேமரா கறுப்பு வெள்ளைப் படமாகக் காட்டுகிறது. ஆகவே இரவுப் படத்தில் வெளிறித் தெரிவது வெள்ளைப் பொருளாக இருக்க வேண்டியதில்லை. அகச்சிவப்பை நன்றாகத் திருப்பி அனுப்பும் எதுவும் வெளிறித்தான் தெரியும். சிவப்புப் பெயின்ட் பெரும்பாலும் அப்படிப்பட்டது. நீலத்தில் அதன் நிறமியைப் பொறுத்துச் சில வெளிறும், சில கறுக்கும். நல்ல கறுப்புத் துணியைக்கூட இரவுக் கேமரா சாம்பல் நிறமாகக் காட்டுவதைப் பலர் பார்த்திருப்பார்கள்.

இந்தப் பொது விளக்கம்கூட இந்த வழக்குக்குத் தேவையில்லை. பதிவை மீண்டும் ஒருமுறை பார்க்கும்படி மட்டும் கேட்கிறேன். வேனை வெள்ளை என்று காட்டும் அதே பதிவு, அதன் பின்னால் நிற்கும் என் காரையும் கிட்டத்தட்ட வெள்ளையாகவே காட்டுகிறது. என் கார் சிவப்பு என்பது உங்கள் பாலிசி ஆவணத்திலேயே இருக்கிறது, உங்கள் சர்வேயரும் நேரில் கண்டிருக்கிறார். என் காரின் நிறத்தைத் தவறாகச் சொல்லும் சாட்சியிடம் வேனின் நிறத்தை மட்டும் கேட்டு நம்புவது எப்படி நியாயமாகும்? அதே கேமரா பகலில் பதிவு செய்த காட்சியையும் இப்போது இணைத்திருக்கிறேன். அதில் அதே இடத்தில் என் கார் சிவப்பாக நிற்கிறது. நீல வேன்தான் இடித்தது என்று இதனால் மட்டும் நிரூபணம் ஆகிவிடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீல வேன் இடித்திருக்க முடியாது என்ற முடிவுக்கு இந்தப் பதிவில் எந்த ஆதாரமும் இல்லை.

உண்மையான முரண் எப்படி இருக்கும் என்பதை நீங்கள் என்னைவிட நன்கு அறிவீர்கள். இடித்த பகுதியின் உயரமும் சேதத்தின் உயரமும் பொருந்தாமல் போகலாம். பதிவில் பின்னிருந்து வந்த வாகனம், கீறலில் முன்னிருந்து பின்னோக்கி இழுத்த தடத்தை விட்டிருக்கலாம். திறந்துகிடக்கும் இரும்பில் பல நாள் துரு ஏறியிருக்கலாம். இவற்றுள் எதையும் சர்வேயர் தம் குறிப்பில் எழுதவில்லை. இவற்றைப் பார்க்கத் தேவையான படங்கள் அளவு நாடாவோடு அவரிடமே இருந்தன.

இனி, கோப்பு உங்களிடம் வந்து சேர்ந்த விதத்தைப் பற்றி. உங்கள் இணைய விண்ணப்பம் பெரிய கோப்புகளை ஏற்கவில்லை. உதவி எண்ணில் பேசியவர், கைபேசிச் செயலி வழியாக அனுப்பிவிடும்படி சொன்னார். அப்படி அனுப்பியதும் 48 மெகாபைட்டாக இருந்த பதிவு 3 மெகாபைட்டாகச் சுருங்கிவிட்டது. அப்படிச் சுருக்கும்போது முதலில் பலியாவது இருண்ட பகுதிகளின் நுணுக்கம்தான். மூலப் பதிவில் என் கார் குலுங்குவது ஒவ்வொரு சட்டகமாகத் தெரிகிறது. சுருங்கிய பிரதியில் அந்த மூலை ஒரே கறையாகக் கலங்கிவிடுகிறது. கோப்பு உருவான தேதியும் மாறி, அனுப்பிய நாளின் தேதியாகிவிடுகிறது. புகைப்படங்களிலும் எடுத்த நேரம் பற்றிய தகவல் இதேபோல் உதிர்ந்துவிடும். நீங்களே காட்டிய வழியில் அனுப்பியதால் சிதைந்த சான்றை, சிதைந்திருக்கிறது என்பதற்காகச் சந்தேகிப்பது முறையல்ல.

மூலப் பதிவிலும் வேனின் நம்பர் பிளேட்டைப் படிக்க முடியவில்லை. ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்பும்படி செய்யப்பட்ட பிளேட், அருகிலிருக்கும் அகச்சிவப்பு விளக்கில் வெறும் வெள்ளைச் சதுரமாக எரிந்துவிடுகிறது. எண் இல்லாததால் அந்த வேனின் காப்பீட்டாளரிடம் நீங்கள் தொகையைத் திரும்பப் பெற முடியாது என்பதும் எனக்குப் புரிகிறது. ஆனால் நான் கோருவது என் சொந்த வாகனச் சேதத்துக்கு நான் கட்டணம் செலுத்திப் பெற்ற பாதுகாப்பின் கீழ்தான். இடித்தவரைக் கண்டுபிடித்தால்தான் தருவோம் என்ற நிபந்தனை என் பாலிசியில் இல்லை. நான் ஏற்க வேண்டிய முதல் பகுதித் தொகையை ஏற்கத் தயாராக இருக்கிறேன். கோரிக்கையற்ற ஆண்டுகளுக்கான சலுகை குறையுமானால், விதியைச் சுட்டி எழுத்தில் தெரிவியுங்கள். நிறுத்தி வைத்த, ஆளில்லாத கார் இடிபட்டதை என் ஓட்டுநர் தவறு என்ற வகையில் மட்டும் பதிய வேண்டாம்.

அண்டை வீட்டுக் கேமராவின் பதிவைச் சான்றாகக் கேட்கும் எல்லா நிறுவனங்களும், மூலக் கோப்பை அப்படியே பெறுவதற்கு ஒரு வழியும், அன்றே ரெக்கார்டரின் கடிகாரத்தைச் சரியான நேரத்தோடு ஒப்பிட்டுப் படமெடுக்கும்படி ஒரு வரியும் விண்ணப்பத்தில் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நான் தற்செயலாக அந்தப் படத்தை எடுத்தேன். எடுக்காதவருக்கு, சில வாரம் கழித்து யாராவது கடிகாரத்தைத் திருத்திவிட்டால், இழந்த அந்த 4 மணி 26 நிமிடத்தை மீட்பது மிகக் கடினம்.

எதிர்வீட்டு அம்மையாரை உங்கள் அலுவலர் இரண்டு முறை தொலைபேசியில் அழைத்து, பதிவு திருத்தப்பட்டதா என்று கேட்டிருக்கிறார். உதவ முன்வந்தவரிடம் அப்படிக் கேட்கும் முன் ரெக்கார்டரை நேரில் வந்து பார்த்திருக்கலாம். இப்போதும் வரலாம் என்றே அவர் சொல்கிறார்.

மூலப் பதிவைப் பென் டிரைவில் தனியே வைத்திருக்கிறேன். பொருந்தாத கண்ணாடித் துண்டு உறையில் இருக்கிறது, அதன் உட்புறத்தில் அச்சு எழுத்துகள் சில தெரிகின்றன. காரை இதுவரை கழுவவில்லை, ஒட்டியிருக்கும் நீலப் பெயின்ட்டைப் பாலிஷ் போட்டுத் துடைக்கவும் இல்லை, அந்த மூலையை மட்டும் நனையாமல் மூடி வைத்திருக்கிறேன். பம்பரைக் கழற்றினால்தான் உள்ளே தாங்கியும் சென்சார்களும் எந்த நிலையில் இருக்கின்றன என்று தெரியும். கழற்றும்போது உங்கள் சர்வேயர் உடனிருக்க வேண்டும் என்பதால் பணிமனையைக் காத்திருக்கச் சொல்லியிருக்கிறேன். அவர் வரும் நாளைத் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பாலிசிதாரர்களில் ஒருவர்