ஸ்கிரீன்ஷாட் மென்பொருளின் புதிய பதிப்பு படங்களை மங்கலாக்குவது குறித்த புகார்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

அனுப்புநர்:
ஆண்டு உரிமம் வாங்கிய வாடிக்கையாளர், குமுளி, இடுக்கி மாவட்டம்

ஐயா / அம்மா,

வணக்கம். உங்கள் ஸ்கிரீன்ஷாட் மென்பொருளை மூன்று வருடமாகப் பணம் கட்டிப் பயன்படுத்தி வருகிறேன். போன மாதம் வந்த புதிய பதிப்பை நிறுவியதிலிருந்து, நான் எடுக்கும் ஒவ்வொரு படமும் கலங்கிப்போய் வருகிறது. உங்கள் உதவிப் பிரிவுக்கு இரண்டு முறை எழுதினேன். இரண்டு முறையும் வந்த பதில் என் பிரச்சினையைத் தொடவே இல்லை. அதனால்தான் முழு விவரத்தையும் இப்படி நீளமாக எழுதுகிறேன்.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். குமுளி, வண்டன்மேடு, கட்டப்பனைப் பக்கம் ஏலக்காய்க் கடைகளிலும் ஸ்டோர்களிலும் கணக்கு பார்ப்பவர்களில் பலர் தமிழ்க்காரர்கள். அவர்கள் பயன்படுத்தும் பில் போடும் மென்பொருளுக்குத் தமிழில் வழிகாட்டிப் புத்தகம் தயாரிப்பது என் தொழில். எந்தப் பெட்டியில் எடையைப் போடுவது, கழிவை எங்கே குறிப்பது, பாக்கியை எப்படிப் பார்ப்பது என்று ஒவ்வொரு திரையையும் படமாக எடுத்து, பக்கத்தில் விளக்கம் எழுதுவேன். பிறகு கம்பத்தில் இருக்கும் அச்சகத்தில் கொடுத்து அடித்து வாங்குவேன். புத்தகத்தில் பாதி இடம் படங்களுக்குத்தான்.

பழைய பதிப்பிலும் ஒரு குறை இருந்தது உண்மை. என் லேப்டாப் 14 அங்குலம், 2240 x 1400 பிக்சல் திரை. அவ்வளவு பிக்சலைச் சின்னத் திரையில் அடைத்தால் எழுத்து எறும்பு மாதிரி இருக்கும் என்பதால், விண்டோஸ் அமைப்பில் `Scale` 150% என்று இருக்கிறது. கடையில் இருக்கும் பழைய மானிட்டரில் 400 x 280 பிக்சலில் வரும் எடைப் பதிவுப் பெட்டி, என் லேப்டாப்பில் 600 x 420 பிக்சலாக வரையப்படும். லேப்டாப்பைக் கிட்ட வைத்துப் பார்ப்பதால் கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவுதான். ஆனால் படமாக எடுத்து வேர்டில் வைத்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். உங்கள் மென்பொருள் எல்லாப் படத்திலும் 'ஓர் அங்குலத்துக்கு 96 பிக்சல்' என்றே குறித்து வைத்தது. வேர்ட் அந்தக் குறிப்பை நம்பித்தான் படத்தின் அளவை முடிவு செய்கிறது. 600-ஐ 96-ஆல் வகுத்தால் 6.25 அங்குலம். அதாவது ஏ4 தாளில் ஓரம் விட்டு மிச்சமிருக்கும் அகலம் முழுக்க ஒரே ஒரு சின்னப் பெட்டி. அதே பெட்டியைக் கடைக் கணினியில் எடுத்தால் 4.17 அங்குலம். ஒரே புத்தகத்தில் ஒரே பெட்டி இரண்டு அளவில் இருந்தால் படிக்கிறவர் இரண்டும் வேறு வேறு திரை என்று நினைத்துக்கொள்வார். அதனால் ஒவ்வொரு படத்தையும் கையால் சுருக்கிக்கொண்டிருந்தேன். சலிப்பான வேலைதான். ஆனால் படம் தெளிவாக இருந்தது.

புதிய பதிப்பின் அறிவிப்பில் 'அதிகத் தெளிவுத் திரைகளில் படம் பெரிதாகத் தெரியும் குறை சரிசெய்யப்பட்டது' என்று போட்டிருந்தீர்கள். படித்ததும் சந்தோஷப்பட்டேன். அந்த வாரமே புத்தகத்தின் இரண்டாம் பதிப்புக்கு எல்லாப் படங்களையும் புதிதாக எடுத்தேன். எல்லாம் 4.17 அங்குலத்தில் அழகாக உட்கார்ந்தன. என் தவறும் இதில் ஒன்று உண்டு, லேப்டாப் திரையில் பக்கம் பக்கமாகப் பார்த்தேனே தவிர, ஒரு படத்தையும் உற்றுப் பார்க்கவில்லை. அச்சகத்திலிருந்து தம்பி போன் பண்ணி, "அக்கா, படமெல்லாம் கலங்கலா இருக்கே, இப்படியே ஓட்டவா?" என்று கேட்டார். அவசரத்தில் ஓட்டச் சொல்லிவிட்டேன். 200 படிகள்.

முதல் படியை வாங்கிய ஸ்டோர் கணக்கர் எடைத் திரைப் படத்தில் விரலை வைத்து, "ஏக்கா, இது 42.5-ஆ, 425-ஆ?" என்று கேட்டார். வாங்கிப் பார்த்தேன். 2-க்கும் 5-க்கும் நடுவில் இருக்க வேண்டிய புள்ளி, லேசான சாம்பல் கறையாக மட்டும் இருந்தது. மேலே 'பாக்கி' என்று இருக்க வேண்டிய இடத்தில் க் மேல் புள்ளியே தெரியவில்லை. 8 எல்லாம் 3 மாதிரி, 3 எல்லாம் 8 மாதிரி. எடை எழுதக் கற்றுக்கொடுக்கும் புத்தகத்தில் எடையே படிக்க முடியவில்லை என்றால் அந்தப் புத்தகத்தை நான் எந்த முகத்தோடு விற்பேன்?

வீட்டுக்கு வந்து கோப்புகளைப் பார்த்தேன். படத்தின் மேல் வலது பொத்தானை அழுத்தி, `Properties` போய் `Details` பகுதியில் `Dimensions` பார்த்தால் போதும். பழைய பதிப்பில் எடுத்தது 600 x 420. புதிய பதிப்பில் எடுத்தது 400 x 280. சந்தேகம் தீர, அதே பெட்டியை விண்டோஸில் இருக்கும் `Win+Shift+S` கொண்டு எடுத்தேன். 600 x 420, கண்ணாடி மாதிரி தெளிவு. ஆக, என் திரையிலும் குறை இல்லை, பில் மென்பொருளிலும் குறை இல்லை. உங்கள் மென்பொருள் படத்தைச் சரியாகத்தான் பிடிக்கிறது. சேமிக்கும்போது மூன்றில் இரண்டு பங்காகச் சுருக்கிவிடுகிறது. 'பெரிதாகத் தெரியும் குறை'யை நீங்கள் சரிசெய்த விதம் இதுதான்.

இது ஏன் இவ்வளவு மோசமாகிறது என்பதையும் சொல்கிறேன். மூன்று பிக்சலை இரண்டாக்கும்போது, நடுவில் உள்ள பிக்சல் பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம் என்று பிரிகிறது. ஒரு பிக்சல் அகலக் கறுப்புக் கோடு அந்த நடு இடத்தில் விழுந்தால், அது மூன்றில் ஒரு பங்கு கறுப்பு மட்டும் உள்ள வெளிறிய கோடாக, இரண்டு பிக்சல் அகலத்துக்குப் பரவிவிடும். அதே கோடு ஓரத்தில் விழுந்தால் மூன்றில் இரண்டு பங்கு கறுப்போடு ஒரு பிக்சலில் நிற்கும். அதனால்தான் ஒரே அட்டவணையில் ஒரு கோடு தெளிவாகவும் பக்கத்துக் கோடு மங்கலாகவும் இருக்கின்றன. தமிழ் எழுத்தின் புள்ளியும் எண்ணின் தசமப் புள்ளியும் இரண்டு பிக்சலுக்கு மேல் இருப்பதில்லை. அவைதான் முதலில் அழிகின்றன. அளவை 200% ஆக மாற்றி ஒருமுறை எடுத்துப் பார்த்தேன். அங்கே நான்கு பிக்சல் அப்படியே ஒன்றாக மடிவதால் இவ்வளவு சேதம் இல்லை. உங்கள் அலுவலகத்தில் 200% திரையில் மட்டும் சோதித்துப் பார்த்து வெளியிட்டீர்களோ என்று எனக்குத் தோன்றுகிறது. லேப்டாப்பில் 125%, 150% வைத்திருப்பவர்கள்தான் ஏராளம்.

உங்கள் உதவிப் பிரிவு அனுப்பிய பதில், மென்பொருளின் `Compatibility` பகுதியில் `Override high DPI scaling behavior` என்பதை `Application` என்று மாற்றச் சொன்னது. மாற்றினேன். கோப்பு மறுபடியும் 400 x 280 தான். அந்த அமைப்பு, ஒரு மென்பொருளின் ஜன்னலை யார் பெரிதாக்குவது, விண்டோஸா அந்த மென்பொருளேயா என்பதைத்தான் முடிவு செய்யும். படத்தைச் சேமிக்கும்போது நீங்கள் செய்யும் சுருக்கத்தை அது எப்படித் தடுக்கும்? இரண்டாவது பதில், 'படம் எடுக்கப்படும் மென்பொருள் பழையதாக இருக்கலாம்' என்றது. நியாயமான சந்தேகம்தான். திரை அளவைப் பற்றி ஒன்றும் தெரியாத பழைய மென்பொருளை விண்டோஸ் இழுத்துப் பெரிதாக்கிக் காட்டும், அது திரையிலேயே மங்கலாக இருக்கும், எந்த ஸ்கிரீன்ஷாட்டாலும் அதைத் தெளிவாக்க முடியாது. அதையும் பார்த்தேன். `Task Manager`-இல் `Details` பகுதியில் `DPI Awareness` என்ற பத்தியைச் சேர்த்தால் எது எப்படி என்று தெரியும். `Unaware` என்று இருந்தால்தான் அந்தக் குறை. பில் மென்பொருளுக்கு `System` என்று இருந்தது, அதாவது முதன்மைத் திரையின் அளவு அதற்குத் தெரியும். என் லேப்டாப்பில் இருப்பது ஒரே திரை, அதில் எழுத்து கூர்மையாகவே இருக்கிறது.

இதைச் சரிசெய்ய ஒரு பிக்சலைக்கூடத் தொட வேண்டியதில்லை. 600 x 420 பிக்சலை அப்படியே வைத்துக்கொண்டு, கோப்புக்குள் இருக்கும் குறிப்பை மட்டும் 96-க்குப் பதில் 144 என்று எழுதினால் போதும். 96-இன் ஒன்றரை மடங்கு 144. 600-ஐ 144-ஆல் வகுத்தால் அதே 4.17 அங்குலம். பிஎன்ஜி கோப்பில் இதற்கென்றே `pHYs` என்ற இடம் இருக்கிறது. அங்கே மீட்டருக்கு 5669 பிக்சல் என்று எழுத வேண்டும், அவ்வளவுதான். இப்போதைக்கு நான் `Win+Shift+S` கொண்டு எடுத்து, இமேஜ்மேஜிக்கில் இந்த ஒரு வரியை ஓட்டித்தான் வேலையைச் சமாளிக்கிறேன்:

```
magick edai.png -units PixelsPerInch -density 144 edai-144.png
```

படம் அப்படியே இருக்கிறது, வேர்டிலும் சரியான அளவில் உட்காருகிறது. வலைப்பக்கத்துக்கு மட்டும் இது உதவாது, உலாவிகள் அந்தக் குறிப்பைப் பார்ப்பதில்லை. அங்கே பக்கம் எழுதுகிறவர் அகலத்தை 400 என்று குறித்துக்கொள்ளலாம். பிக்சல் முழுதாகக் கையில் இருந்தால்தானே அதையும் செய்ய முடியும். நீங்கள் ஒருமுறை சுருக்கிக் கொடுத்த படத்தைத் திரும்பப் பெரிதாக்கினால் போன புள்ளி திரும்பி வராது.

ஆகவே நான் கேட்பது இதுதான். அடுத்த பதிப்பில், படத்தைத் திரையில் உள்ள பிக்சல்களோடு அப்படியே சேமிப்பதை இயல்பான அமைப்பாக வையுங்கள், திரை அளவுக்கேற்ற குறிப்பைக் கோப்பில் எழுதுங்கள். சுருக்குவது வேண்டும் என்பவர்களுக்கு அதைத் தனி விருப்பமாகக் கொடுங்கள். அதுவரை பழைய பதிப்பை நிறுவும் கோப்பை எனக்கு அனுப்புங்கள், உங்கள் தளத்திலிருந்து அதை எடுத்துவிட்டீர்கள். 200 படிகளில் விற்றது 11. அவற்றைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். மறுபடி அச்சடிக்க ஆகும் செலவின் ரசீதை இணைத்திருக்கிறேன். அதை முழுதாகத் தர வேண்டும் என்று கேட்கவில்லை, ஓட்டச் சொன்னதில் எனக்கும் பங்கு உண்டு. இந்த வருட உரிமத் தொகையையாவது திருப்பித் தாருங்கள்.

பழைய பதிப்பில் எடுத்தது, புதியதில் எடுத்தது, `Win+Shift+S` கொண்டு எடுத்தது என்று அதே எடைப் பெட்டியின் மூன்று படங்களையும் இணைத்திருக்கிறேன். இந்த முறை தயவுசெய்து அவற்றைத் திறந்து பார்த்துவிட்டுப் பதில் எழுதுங்கள். 15 நாட்களுக்குள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
குமுளி

இணைப்பு: படங்கள் 3, அச்சக ரசீது 1