வந்தாச்சா

தாராவி, மும்பை

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ வரைந்து அனுப்பிய ஒன்பது படங்களையும் போனில் பெரிதாக்கிப் பார்த்தோம். ஆள் இல்லாத சந்தில் நீல டிரம்மும் குடமும் வாளியும் வரிசையாக நிற்பதைப் பார்த்ததும் அம்மா, "நம்ம குடம்டி" என்றாள். கடைசிப் படம் மட்டும் வேறு: பாதி திறந்த கதவு, உள்ளே விளக்கு, வாசலில் ஒரு ஜோடி செருப்பு.

தொடருக்கு மூன்று பெயர் எழுதி, எது நல்லது என்று கேட்டிருக்கிறாய். உன் அப்பன் ஓவியன் இல்லை. ஆனால் கேலரிகளில் இத்தனை வருஷம் படம் மாட்டி, பக்கத்தில் பெயர்ச்சீட்டு ஒட்டியவன். வருகிறவர்கள் என்ன செய்வார்கள் தெரியுமா? முதலில் குனிந்து சீட்டைப் படிப்பார்கள், அப்புறம்தான் நிமிர்ந்து படத்தைப் பார்ப்பார்கள். சீட்டிலேயே விஷயம் முடிந்துவிட்டால், படத்தில் அது இருக்கிறதா என்று ஒரு தடவை சரிபார்த்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள்.

'நீரரசியல்' அப்படிப்பட்ட பெயர். படிக்கிறவர் என்ன நினைக்க வேண்டும் என்று நீயே சொல்லிவிடுகிறாய். அதோடு ஒன்பதாவது படம் அந்தப் பெயருக்குள் வரவே வராது. தொடருக்கு வைக்கும் பெயரை ஒவ்வொரு படத்தின் கீழும் தனித்தனியாக வைத்துப் பார். எங்கே இடிக்கிறதோ, அங்கே பெயர் தப்பு, இல்லாவிட்டால் அந்தப் படம் தொடரில் சேராது. 'தாகத்தின் வரிசை' கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வரிசை படத்திலேயே தெரிகிறதே! தாகமும் பாதிப் பொய். டிரம் தண்ணியில் குளிப்போம், துவைப்போம். குடிக்கக் குடத்தில் தனியாகத்தானே பிடிப்போம்? 'இல்லாமையின் பாத்திரங்கள்' எனக்குப் புரியவில்லை, விட்டுவிடு.

சோம்நாத் ஹோர் 1970-களில் செய்த 'காயங்கள்' தொடரை நீ படித்திருப்பாய். களிமண் பரப்பைக் கத்தியாலும் சுட்ட கம்பியாலும் கீறி, அதற்குச் சிமெண்டில் அச்சு எடுத்து, அதில் காகிதக் கூழை அழுத்தி எடுத்தவை. வெறும் வெள்ளை மேல் வெள்ளை. பெயர் இல்லாவிட்டால் சுவர் வெடிப்பு என்று நினைப்போம். அந்த ஒரு சொல் அதைத் தோலாக்கிவிடுகிறது. 1943 வங்கப் பஞ்சத்தைக் கண்ணால் பார்த்து வரைந்த மனிதர் அவர். ஆனாலும் யார் காயம், எந்த வருஷம் என்று பெயரில் சொல்லவில்லை. தனித்தனியாக எண்தான்.

அதனால் எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன். விடிகாலையில் நம் சந்தில் எல்லோரும் கேட்பது ஒன்றுதானே: "வந்தாச்சா?" என்ன வந்ததென்று யாரும் சொல்வதில்லை. நீ ஊருக்கு ரயில் ஏறினால் அம்மா போனில் என்னிடம் கேட்பதும் அதே சொல். டிரம் வரிசைக்கும் கதவுக்கும் சேர்த்துப் பொருந்துகிறது. படத்தில் ஆள் இல்லை, கேள்வி மட்டும் கேட்கிறது.

ஒரு சிக்கல் உண்டு. இதை மொழிபெயர்க்காதே. இந்தியில் தண்ணீர் என்றால் 'ஆ கயா க்யா', பெண் என்றால் 'ஆ கயீ க்யா'. எதை எழுதினாலும் பாதிப் படம் போச்சு. இங்கிலீஷிலும் முழு வாக்கியமாக எழுதினால் அதுவா அவளா என்று சொல்லியாக வேண்டும். அதனால் சீட்டில் தமிழ் ஒலியையே அவர்கள் எழுத்தில் எழுது. கீழே சின்னதாக, 'தமிழ்: வந்தாயிற்றா என்று கேட்பது, தண்ணீருக்கும் ஆளுக்கும் ஒரே சொல்' என்று ஒரு வரி போதும். தாராவி, குழாய் வரும் நேரம், நம் வீட்டுக் கதை எதுவும் வேண்டாம்.

ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் வேண்டாம், 1 முதல் 9 வரை எண் போடு. ஒன்பதுக்கு 'அம்மா' என்று வைக்கக் கை துடிக்கும், வைக்காதே.

ஆனால் எண்ணை வரைந்தவுடனே எழுதிவிடு. முன்பு ஓர் இடத்தில் ஒரே அளவில், பெயரும் எண்ணும் இல்லாமல் பதினொரு படம் வந்தது. இரண்டுக்குச் சீட்டு மாறி, வாங்கியவர் வீட்டுக்கு வேறு படம் போய்விட்டது. திட்டு எனக்குத்தான். தொடரின் பெயர், எண், வருஷம், அளவு, என்ன வண்ணம் எல்லாவற்றையும் பின்பக்கக் கட்டையில் பென்சிலால் எழுது. துணியில் மார்க்கரால் எழுதினால் நாளாக ஆக முன்னால் ஊறித் தெரியும்.

அம்மா இன்னமும் அந்தச் செருப்பு யாருடையது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். நான் சொல்லவில்லை.

அன்புடன்,
அப்பா